அட்வான்ஸ் வாங்கியதும் அது நம் பணமா?

ஓமலூரில் 200 பேர் உட்காரும் சின்ன ஏ.சி. ஹாலும் கேட்டரிங்கும் சேர்த்து ஆரம்பிக்க நினைப்பவர்கள் முதலில் வாடகையையும் இலைக் கணக்கையும்தான் போடுகிறார்கள். இந்தத் தொழில் சறுக்குவது பெரும்பாலும் அட்வான்ஸில்தான்.

நம்பிக்கை: "கொடுத்த அட்வான்ஸ் திருப்பித் தரப்படமாட்டாது" என்று ரசீதில் அச்சடித்தால் போதும்.

போதாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு, ஒப்பந்தத்தில் எவ்வளவு தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீட்டை மட்டுமே அனுமதிக்கிறது. பதே சந்த் – பால்கிஷன் தாஸ் வழக்கில் 1963-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இன்றும் வழிகாட்டி. வீடு வாங்க 1,000 ரூபாய் முன்பணமும், பிறகு விலையின் பகுதியாக 24,000 ரூபாயும் கொடுத்திருந்தார்கள். ஒப்பந்தம் முறிந்தபோது முன்பணமான 1,000-ஐ மட்டும் வைத்துக்கொள்ளலாம், நஷ்டத்தைக் காட்டாமல் 24,000-ஐப் பறிக்க முடியாது என்றது நீதிமன்றம்.

இதை நம் ஹாலுக்குப் பொருத்திப் பார்ப்போம். ஆவணி முகூர்த்தத்துக்கு ஹால் வாடகை 40,000, சாப்பாடு 1,60,000, மொத்தம் 2 லட்சம் என்று வையுங்கள். மொத்தமாக 50,000 அட்வான்ஸ் வாங்கி ஒரே ரசீது கொடுத்தால், கல்யாணம் நின்றுபோகும்போது எது தேதிக்கானது, எது சாப்பாட்டுக்கானது என்று சொல்ல வழியில்லை. ஆகவே தேதிக்கு 10,000 தனி ரசீது. சாப்பாட்டு அட்வான்ஸ் 40,000-ஐ விசேஷத்துக்கு 15 நாள் முன்னால், மெனு முடிவான பிறகு வாங்குங்கள். நான்கு மாதம் முன்பே ரத்தானால் அந்தத் தேதியை இன்னொருவருக்குக் கொடுக்க நேரமிருக்கிறது; கொடுத்துவிட்டால் 10,000-ஐத் திருப்பித் தருவதே முறை. பத்து நாள் முன்னால் ரத்தாகி, தேதியும் காலியாகவே போனால், தேதிப் பணத்தோடு மாஸ்டருக்குக் கொடுத்த தொகை, வாங்கிவிட்ட மளிகை ஆகியவற்றையும் பில்லோடு காட்டிக் கழிக்கலாம். யார் எப்போது விசாரித்தார்கள், யாருக்கு இல்லை என்று சொன்னோம் என்பதைப் புக்கிங் நோட்டில் எழுதி வைத்தால், தேதியால் வந்த நஷ்டத்துக்கு அதுவே சாட்சி.

2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை வந்தபோது சித்திரை, வைகாசிக் கல்யாணங்கள் நின்றன. இரு தரப்பின் தவறும் இல்லாமல் ஒப்பந்தம் நிறைவேற்ற முடியாததாகிவிட்டால், 56, 65 பிரிவுகளின்படி பெற்றதைத் திருப்பித் தர வேண்டும். அட்வான்ஸை டைல்ஸுக்கும் ஜெனரேட்டருக்கும் போட்டுவிட்டவர் அந்த நேரத்தில் எங்கிருந்து எடுப்பார்? விசேஷம் முடியும்வரை அந்தப் பணம் வேறு வங்கிக் கணக்கில் கிடக்கட்டும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் சேவைக்கு வாங்கும் அட்வான்ஸுக்கும் அது கைக்கு வந்த காலத்திலேயே வரி கட்ட வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நம்பிக்கை: ஞாயிறு, திங்கள் என்று அடுத்தடுத்து முகூர்த்தம் வந்தால் இரட்டை லாபம்.

ஒரு கல்யாணம் முதல் நாள் மாலை வரவேற்பில் தொடங்கி மறுநாள் மதியச் சாப்பாட்டில் முடிகிறது. ஞாயிறு கல்யாண வீட்டார் கடைசிப் பந்தியில் பாயசம் வாங்கும் வேளையில், திங்கள் வீட்டு வரவேற்புக்கு அடுப்பு மூட்ட வேண்டும். அண்டா கழுவியிருக்காது, ஸ்டோர் ரூம் சாவி பழைய வீட்டாரிடமே இருக்கும், மாப்பிள்ளை வீட்டு வேன் வாசலில் வந்து நிற்கும். பின்பக்கம் தனி வழியும் இரண்டாவது சமையல்கட்டும் இல்லாத ஹால், இரண்டாவது தேதியைக் காலை முகூர்த்தத்துக்கு மட்டும் கொடுப்பது நல்லது. அதையும் புக்கிங் அன்றே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். ஆடி, புரட்டாசி, மார்கழியில் காலியாகக் கிடப்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஈடுகட்டப் பார்ப்பதுதான் இந்த அவசரத்துக்கெல்லாம் காரணம்.

நம்பிக்கை: கூடக் காசு கொடுத்தால் பரிமாற ஆள் வந்துவிடும்.

முகூர்த்த நாளில் தாரமங்கலம், மேச்சேரி, சேலம் எல்லா மண்டபமும் அதே பையன்களைத்தான் கூப்பிடும். கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகமும் அரசுப் பொறியியல் கல்லூரியும் இருப்பதால் மாணவர்கள் கிடைப்பார்கள் என்று நம்புகிறோம். ஆனால் ஐப்பசி முகூர்த்தங்களை ஒட்டி செமஸ்டர் தேர்வு நெருங்குகிறது, வைகாசியில் விடுதி காலி. பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் தேர்வு அட்டவணையையும் மாட்டுங்கள். 14 வயது நிறையாதவர்களை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்பது 2016 முதல் சட்டம். இலை எடுக்கவும் கூடாது.

100 இலைப் பந்திக்குப் பரிமாற எட்டுப் பேர், இலை எடுக்க இரண்டு பேர், தண்ணீருக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டால் வேலை ஓடும். இவர்களைச் சேர்த்து வரும் கேப்டனுக்கு, தேதிப் பணம் வாங்கிய வாரத்திலேயே உங்கள் கைப்பணத்திலிருந்து 2,000 கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். முந்தின நாள் காலையில் பெயர்ப் பட்டியல் கேட்டு வாங்க வேண்டும். பதினொன்றில் எட்டுப் பெயர்தான் வந்தால், மீதி மூன்று பேரைத் தேட ஒரு பகல் கையில் இருக்கும்.