கமிஷன் எவ்வளவு, எப்போது? குழப்பமில்லாமல் எழுதுங்க!

வீட்டில் சத்துமாவு தயாரிக்கிறீங்க. பத்துப் பேர் தங்கள் பகுதியில் விற்றுத் தர முன்வருகிறார்கள். நீங்கள் வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புறீங்க: "10% கமிஷன். 50 பாக்கெட்டுக்கு மேல் விற்றால் 15%. மாதாமாதம் பணம்."

படிக்க நல்லாத்தான் இருக்கு. சிக்கல் மாதக் கடைசியில் வரும்.

ஒரு பாக்கெட் 200 ரூபாய். ஒருவர் 60 பாக்கெட் விற்றார். 'எல்லாவற்றுக்கும் 15%' என்று அவர் நினைத்தால் 60 × 30 = 1,800 ரூபாய். 'கூடுதலாக விற்ற 10-க்கு மட்டும் 15%' என்று நீங்கள் நினைத்தால் 1,000 + 300 = 1,300 ரூபாய். ஒரே வாக்கியம், 500 ரூபாய் வித்தியாசம். யாரும் ஏமாற்றவில்லை, எழுதியதுதான் தெளிவாக இல்லை.

சதவீதத்திலும் இதே சிக்கல் உண்டு. கூரியர் கட்டணம் 40 ரூபாய் சேர்ந்தால், 10% என்பது 200-க்கா, 240-க்கா? அதனால் பாக்கெட்டுக்கு இத்தனை ரூபாய் என்றே எழுதிடுங்க.

இலக்கை எண்ணும்போது ஆர்டர் வந்ததை எண்ணுவதா, பணம் வந்ததை எண்ணுவதா என்பதையும் சொல்லணும். 52 ஆர்டரில் 3 திரும்பி வந்தால், விற்றது 49 தான். இதை முன்பே எழுதாவிட்டால், இலக்கைத் தொட்டதாக நம்பியவருக்கு மனக்கசப்புதான் மிஞ்சும்.

'மாதாமாதம்' என்பதும் போதாது. எந்தத் தேதிக்குள், எந்த வழியில் என்று குறிப்பிடுங்க.

இப்படி எழுதலாம்:

• சத்துமாவு 500 கிராம், விலை ரூ.200.
• மாதத்தில் முதல் 50 பாக்கெட்டுக்கு, பாக்கெட்டுக்கு ரூ.20. 51-வது பாக்கெட்டிலிருந்து ரூ.30. முதல் 50-க்கு ரூ.20 தான், அது மாறாது.
• உதாரணம்: 60 விற்றால் 1,000 + 300 = ரூ.1,300.
• 1-ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரை, எங்களுக்குப் பணம் வந்த பாக்கெட் மட்டும் கணக்கு. பிறகு திரும்பி வந்தால் அடுத்த மாதக் கணக்கில் கழிப்போம்.
• கமிஷன் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் உங்கள் வங்கிக் கணக்கில் வரும்.
• விகிதம் மாறினால் 15 நாள் முன்பே சொல்வோம். அதுவரை விற்றதற்குப் பழைய விகிதமே.

அனுப்பும் முன் வீட்டில் ஒருவரிடம் காட்டி, "60 விற்றால் எவ்வளவு கிடைக்கும், எப்போது?" என்று கேளுங்க. உங்களிடம் எதுவும் கேட்காமலேயே 1,300, 7-ஆம் தேதிக்குள் என்று சொன்னால் சரி. தயங்கினால், தயங்கிய வரியைத் திருத்துங்க. விற்பவரிடம் 'சம்மதம்' என்று பதில் வாங்கி, அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்திருங்க.