பத்து இலக்கத்தில் உடுமலை இல்லை

உடுமலைப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. பெஞ்சில் இருந்தவர் போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கருத்துக்கணிப்புங்களாமா. எம்பேரு தெரியலையாம், நம்பர் மட்டும் தெரியுதாம். எவனோ வித்துப்போட்டானுங்க" என்றார். கூட இருந்தவர்களும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். விலைக்கு வாங்கிய எண் என்றால் பெயரும் சேர்ந்தல்லவா வந்திருக்கும்?

"நம்ம நம்பரை யாரோ வித்துட்டாங்க"

முறையாக நடக்கும் தொலைபேசிக் கணிப்பில் பட்டியல் என்று ஒன்று இருக்கவே வேண்டியதில்லை. கணினி எண்களைத் தானே உருவாக்கி அழைக்கும். இதற்கு ரேண்டம் டிஜிட் டயலிங் என்று பெயர். டைரக்டரியைப் பார்த்து அழைத்தால் அதில் பெயர் போடாதவர்களும் புதிதாக இணைப்பு வாங்கியவர்களும் விட்டுப்போவார்கள். இலக்கங்களைக் குலுக்கிப் போட்டால் எல்லா எண்ணுக்கும் சம வாய்ப்பு.

லேண்ட்லைன் காலத்து உடுமலையை வைத்துப் பார்த்தால் இது எளிதாகப் புரியும். எஸ்டிடி கோட் 04252. அதன் பிறகு 2-ல் தொடங்கும் ஆறு இலக்கம். ஆக மொத்தம் ஒரு லட்சம் எண்கள். அதில் பெரும்பகுதி யாருக்கும் கொடுக்கப்படாதவை. கண்ணை மூடிக்கொண்டு சுழற்றினால் பாதி நாள் "இந்த எண் உபயோகத்தில் இல்லை" என்ற குரலைக் கேட்பதிலேயே போய்விடும். இதற்கு வாரன் மிட்டாஃப்ஸ்கி 1970-ல் ஒரு வழி கண்டார். ஜோசப் வாக்ஸ்பெர்க் 1978-ல் அதற்குக் கணக்கு எழுதிக் கொடுத்தார். எக்ஸ்சேஞ்சில் எண்களை வரிசையாகக் கொடுப்பதால் வீடுகள் சில கட்டுகளில் குவிந்திருக்கும், பல கட்டுகள் காலியாகக் கிடக்கும். எனவே ஒரு லட்சத்தை நூறு நூறாக ஆயிரம் கட்டுகளாகப் பிரி. ஒரு கட்டில் ஏதாவது ஓர் எண்ணை அழை. வீடு எடுத்தால் அந்தக் கட்டை வைத்துக்கொண்டு அதிலேயே இன்னும் சில வீடுகளைத் தேடு. எடுக்காவிட்டால் கட்டையே தூக்கிப் போடு. அவ்வளவுதான். வீணாகும் அழைப்பு வெகுவாகக் குறைந்தது. அமெரிக்கக் கணிப்புகள் பல ஆண்டுகள் இதை வைத்தே ஓடின.

"லேண்ட்லைன் காலத்துல எல்லாம் சரியா இருந்துச்சு, செல்போன் வந்துதான் கெட்டுது"

அமெரிக்காவுக்கு வேண்டுமானால் இது பாதி உண்மை. அங்கே ஏறத்தாழ எல்லா வீட்டிலும் லேண்ட்லைன் இருந்தது. இளைஞர்களும் வாடகை வீட்டுக்காரர்களும் அதை விட்டுவிட்டுக் கைபேசியோடு நின்றபோது, லேண்ட்லைனை மட்டும் அழைத்த கணிப்பில் அவர்கள் காணாமல் போனார்கள்.

நம் ஊரில் அந்தப் பொற்காலமே இருந்ததில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூறு வீடுகளில் 63-ல் ஏதாவது ஒரு போன் இருந்தது. அதில் 53 வீடுகளில் கைபேசி மட்டும்தான். லேண்ட்லைன் இருந்தது பத்தே வீட்டில். 04252-ஐச் சுழற்றியிருந்தால் மில் முதலாளியும் டாக்டரும் தோப்புக்காரரும் எடுத்திருப்பார்கள். தறியில் நிற்பவரும் தோப்பில் காய் பொறுக்குபவரும் எடுத்திருக்க மாட்டார்கள். அமெரிக்காவில் 1936-லேயே இந்தத் தவறு நடந்துவிட்டது. போன் டைரக்டரியிலும் கார் பதிவேட்டிலும் இருந்து பெயர் எடுத்து, லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. அதிபர் தேர்தலில் லேண்டன் ஜெயிப்பார் என்றது. ஜெயித்தவர் ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46-ல். "எத்தனை பேரைக் கேட்டீங்க" என்று முதலில் கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

"நம்பரைப் பார்த்தாலே ஊர் தெரியுமே"

எனக்குத் தெரிந்து ஆழமாகக் குழி பறிக்கும் நம்பிக்கை இதுதான்.

கைபேசி எண்ணின் முதல் நாலைந்து இலக்கம், அந்த வரிசை முதலில் எந்த நிறுவனத்துக்கு, எந்த வட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது என்பதைச் சொல்லும். வட்டம் என்பது ஏறக்குறைய ஒரு மாநிலம். அதற்குக் கீழே மாவட்டம், தாலுகா, ஊர் எதுவும் அந்தப் பத்து இலக்கத்தில் இல்லை. உடுமலையில் இருப்பவர் எண்ணும் ஊத்தங்கரையில் இருப்பவர் எண்ணும் அடுத்தடுத்து இருக்கலாம்.

"உடுமலை நகர மக்கள் என்ன நினைக்கிறார்கள்" என்று கைபேசியில் கேட்கப் புறப்பட்டால் என்ன ஆகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2011-ல் நகராட்சியின் மக்கள்தொகை 61,133. தமிழ்நாடு 7.21 கோடி. கிட்டத்தட்ட 1,180 பேருக்கு ஒருவர் உடுமலைக்காரர். நானூறு உடுமலைக்காரர்களிடம் பேச வேண்டுமானால் மாநிலம் முழுக்கச் சுமார் 4,70,000 பேரை எடுக்கவைத்து, "எந்த ஊருங்க?" என்று கேட்டுவிட்டுப் போனை வைக்க வேண்டும். செத்த எண், அணைத்து வைத்த எண், ட்ரூகாலரில் சிவப்பாகத் தெரிந்ததும் வெட்டிவிடப்பட்ட எண் எல்லாம் இதற்கு வெளியே. இதை ஒருவரும் செய்ய மாட்டார்கள். ஆகவே ஒரு சட்டமன்றத் தொகுதிக்குத் தொலைபேசிக் கணிப்பு என்று யாராவது காட்டினால், அவர்கள் எங்கிருந்தோ ஒரு பட்டியல் வாங்கியிருக்கிறார்கள் என்று தாராளமாகச் சந்தேகப்படலாம். டீக்கடை பெஞ்சில் இருந்தவர் அங்கே சரியாகத்தான் சொல்லியிருப்பார்.

மாநில எல்லையும் உறுதியில்லை. 2015 ஜூலை 3 முதல் எந்த வட்டத்துக்குப் போனாலும் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டு எண்ணோடு டெல்லியில் குடியிருப்பவரை நம் கணிப்பு அழைக்கும். திருப்பூர் பனியன் கம்பெனியிலும் உடுமலைப் பக்கத்து நூல் மில்லிலும் வேலை பார்க்கும் பீகார், ஒடிசா இளைஞர்கள் பலர் ஊரிலிருந்து கொண்டுவந்த சிம்மையே வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டு வரிசைகளைச் சுழற்றினால் அவர்கள் போன் அடிக்காது. பீகார் வரிசைகளைச் சுழற்றினால் அடிக்கும். ஆனால் "இப்போது எங்கே இருக்கிறீர்கள்?" என்ற கேள்விக்குத் "திருப்பூர்" என்று பதில் வந்ததும், பீகாரில் குடியிருப்பவர்களைத் தேடும் கணிப்பு அவரை விட்டுவிடும். வேலை செய்யும் ஊரின் கணக்கிலும் சேராமல், பிறந்த ஊரின் கணக்கிலும் சேராமல் போய்விடுகிறார்.

"இப்பத்தான் எல்லார் கையிலயும் செல்போன் இருக்கே"

வீட்டில் போன் இருப்பது வேறு, ஆளுக்குப் போன் இருப்பது வேறு. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தானே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் நாட்டளவில் 54 சதவீதம். தமிழ்நாட்டில் நான்கில் மூன்று பேர். நாம் மேல்தான். அப்படியும் நான்கில் ஒரு பெண் விட்டுப்போகிறாள். டிராய் வெளியிடும் எண்ணிக்கையைக் காட்டி இதை மறுக்க முடியாது. அது சிம்மை எண்ணுகிறது, தலையை எண்ணவில்லை.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பா போனில் இரண்டு சிம். மகன் போனில் ஒன்று. அம்மாவுக்கும் அம்மாயிக்கும் சேர்த்து ஒரு பட்டன் போன், ஒரு சிம். குலுக்கலில் விழுவது எண் என்பதால், மகனைவிட அப்பாவுக்கு இரு மடங்கு வாய்ப்பு. பட்டன் போன் அடித்தால் அம்மாவா அம்மாயியா என்று இன்னொரு குலுக்கல் போட வேண்டும். அதனால் அவர்களுக்கு மகனின் வாய்ப்பில் பாதி. அப்பாவின் பதிலுக்கு 1 மதிப்பு என்றால் மகனுக்கு 2, அம்மாவுக்கும் அம்மாயிக்கும் தலா 4 கொடுத்தால்தான் கணக்கு நேராகும். இதற்காகத்தான் நல்ல கணிப்பாளர் "எத்தனை சிம் வெச்சிருக்கீங்க? இந்தப் போனை வேற யாராவது பேசுவாங்களா?" என்று கேட்கிறார்.

போனை எடுப்பவரிடமே பேசிவிட்டு வைத்தால், பட்டன் போனை எப்போதும் அம்மாதான் எடுப்பார் என்னும்போது, அம்மாயியின் வாய்ப்பு சுழி. சுழியை எதனால் பெருக்கினாலும் சுழிதான்.

2016-ல் டெல்லியில் தொடங்கி உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், பீகார் என்று சாதி, பெண் பற்றிய மனப்போக்குகளைக் கைபேசியில் கேட்ட 'சாரி' என்னும் ஆய்வு இந்தச் சிக்கலை வேறு வழியில் அணுகியது. எண் வரிசைகளை எடுத்து மீதி இலக்கங்களைக் கணினியால் நிரப்பினார்கள். ஆனால் போனை எடுத்தவரோடு நிற்கவில்லை. போனை வீட்டுக்குள் நுழையும் கதவாக வைத்துக்கொண்டு, வீட்டில் உள்ள பெரியவர்களைப் பட்டியலிட்டு, அதில் ஒருவரைக் கணினி தேர்ந்தெடுக்க விட்டார்கள். பெண்களிடம் பெண்களே பேசினார்கள், ஆண்களிடம் ஆண்கள். அம்மாயிக்கு இதில் வழி உண்டு. மில் விடுதியில், போனுக்குக் கட்டுப்பாடு உள்ள அறையில் இருக்கும் பெண்ணுக்கு இதிலும் வழியில்லை.

"விட்டுப்போனதை வெயிட் போட்டுச் சரிபண்ணிடலாம்"

ஓரளவுக்குத்தான். ஆயிரம் பேர் பேசியதில் பெண்கள் 250 பேர் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஆணும் பெண்ணும் ஏறத்தாழப் பாதிப் பாதி. எனவே ஒவ்வொரு பெண்ணையும் இரண்டாக எண்ணி, ஒவ்வோர் ஆணையும் முக்கால் ஆளுக்கும் குறைவாக எண்ணுவார்கள். இதற்கு விலை உண்டு. அந்த ஆயிரம் பேரின் துல்லியம் 750 பேரைக் கேட்டதற்குச் சமமாக இறங்கிவிடும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது இன்னொன்று. அந்த 250 பேர் சொந்தப் போன் உள்ளவர்கள், தெரியாத எண்ணை எடுத்துப் பேசத் துணிந்தவர்கள். அவர்களை இரண்டாக்கினால் அவர்கள் கருத்துத்தான் இரண்டாகும். போனே இல்லாத பெண்ணின் கருத்து அதில் வந்து சேராது.

அதனால் செய்தித்தாளில் ஒரு தொலைபேசிக் கணிப்பைப் பார்த்தால், வெயிட் போடுவதற்கு முன் பேசியவர்களில் பெண்கள் எத்தனை பேர், பள்ளிக்கூடம் போகாதவர்கள் எத்தனை பேர் என்று தேடிப் பாருங்கள். அதைச் சொல்லாத கணிப்பைப் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். அடுத்த முறை உங்களுக்கே அழைப்பு வந்து, "எத்தனை சிம், யார் யார் பேசுவீங்க?" என்று கேட்டால் அது வம்பளப்பு என்று வெட்டிவிடாதீர்கள். சொல்லிவிட்டு, அவர்கள் கேட்டால் அம்மாயியிடம் போனைக் கொடுங்கள்.