பால்குடிப் பிள்ளைக்கு இரத்தச்சோகையா?

கேள்வி: என் ஒன்றரை வயது மகன் தினமும் ஒரு லீற்றர் பசுப்பால் குடிக்கிறான், சோறு தொடமாட்டான். முகம் வெளிறிக் கிடக்கிறது. ஏன்?
– ஒரு தாய், கொக்கட்டிச்சோலை

பதில்: பால்தான் காரணமாக இருக்கலாம். படுவான்கரையில் பாலுக்குப் பஞ்சமில்லை; ஆனால் ஒரு லீற்றர் பசுப்பாலில் இரும்புச்சத்து அரை மில்லிகிராம் அளவுதான். இந்த வயதுக்கு நாளொன்றுக்கு 7 மில்லிகிராம் வேண்டும். பால் வயிற்றை நிரப்பிப் பசியைக் கெடுக்கும். அதிலுள்ள கல்சியம் மற்ற உணவின் இரும்பையும் உறிஞ்சவிடாது.

இரண்டு கோப்பை, அதாவது 400 மில்லிலீற்றர் போதும், 500-ஐத் தாண்டவேண்டாம். போத்தலை நிறுத்தி, சோற்றுக்குப் பிறகு கோப்பையில் கொடுங்கள். வாவி மீன், ஈரல், பருப்பு பழக்குங்கள். தேநீர் வேண்டாம், அதுவும் இரும்பைத் தடுக்கும். இந்த வாரமே கிளினிக்கில் ஹீமோகுளோபின் பரிசோதியுங்கள்; இரும்புப் பாணி தந்தால் பாலோடு கொடுக்காதீர்கள்.