ஓலைச்சுவடிப் படத்தில் ஒரு வரியை வாசித்தல்

பழைய ஓலைச்சுவடியின் படமொன்று கையில் கிடைத்தால் அதை வாசிப்பது எப்படி? இங்கு பயிற்சிக்காக ஒரு மருந்துக் குறிப்பை, ஓலையில் எழுதும் முறைப்படி அமைத்துக்கொண்டு பார்ப்போம்.

ஓர் ஏட்டின் அகலம் 3 செ.மீ. என்றும் அதில் 6 வரிகள் உள்ளன என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு வரிக்குக் கிடைப்பது அரைச் சென்ரிமீற்றர்தான். மேல் வரியிலுள்ள 'கு'வின் சுழி இறங்கி, கீழ் வரியிலுள்ள 'சி'யின் வளைவைத் தொட்டு நிற்கும். ஆகவே படத்தைப் பெரிதாக்கி, வாசிக்கும் வரிக்கு மேலும் கீழும் இரண்டு கடதாசித் துண்டுகளை வைத்து மற்ற வரிகளை மறைத்துவிட வேண்டும். கயிறு கோப்பதற்கான துளையைச் சுற்றி எழுத்தில்லாத இடம் இருக்கும். அங்கே வரி முடிந்துவிட்டது என எண்ணக்கூடாது. துளையைத் தாண்டி அதே வரி தொடர்கிறது.

நமது வரி இது:

துளசிவெரமிளகுசுசெரததுபபரலிலகெரடு

சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான். இரட்டைக்கொம்பு வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் செய்த திருத்தத்தோடு வந்தது. ஆனால் மிகவும் தொல்லை தருவது ரகரமும் காலும் ஒரே வடிவாக இருப்பதுதான். மேலேயுள்ள வரியில் அந்த வடிவத்தை எல்லா இடத்திலும் 'ர' என்றே எழுதியிருக்கிறேன். முதலில் இப்படி உள்ளபடியே பெயர்த்தெழுதிக்கொள்ளவேண்டும். பொருள் தேடுவது அடுத்த படி.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். 'வெர' என்பதை வேர் என்றும் வொ, வோ என்றும் வாசிக்கலாம். முன்னால் துளசி நிற்பதால் 'வேர்' பொருந்துகிறது. 'செரதது' என்பது சேர்த்து, சொத்து, சோத்து ஆகிய மூன்றுக்கும் இடம் தரும். மருந்துச் சரக்குகளுக்குப் பின்னே வருவதால் 'சேர்த்து' என்று கொள்கிறோம். 'பரலில்' என்றால் சிறுகல்லில் என்று பொருளாகும். கொடுக்கும் மருந்துக்குப் 'பாலில்' என்பதே சரி. 'கெரடு' கோடு அல்ல, 'கொடு'.

மிளகுக்குப் பின்னே நிற்கும் 'சு' எது? சுக்கு என்று தொடங்கி நின்றுவிட்டதா? இல்லை. தமிழ் எண்களில் ஆறு, 'சு' என்ற எழுத்தைப் போலவே இருக்கும். ஒன்று 'க' போலவும், ஐந்து 'ரு' போலவும், ஏழு 'எ' போலவும், எட்டு 'அ' போலவும் வரும். பொருள் ஒட்டாத தனியெழுத்தொன்று சரக்கின் பெயருக்குப் பின்னே நின்றால் அதை எண்ணாக வைத்துப் பாருங்கள். ஆகவே வரி இப்படி அமைகிறது: துளசி வேர், மிளகு 6 சேர்த்துப் பாலில் கொடு.

இனிக் கீறலைக் கவனிப்போம். படத்தில் 'சு'வுக்கு அருகே நெட்டாக ஒரு கோடு தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ரகரமாக எடுத்தால் 'சுர' என்றாகி, எண்ணே மறைந்து 'சுரம்' என்ற நோய்ப்பெயரை நாம் தேடத் தொடங்குவோம். எழுத்தா, கீறலா என்று அறிய மூன்று சோதனைகள் உண்டு. எழுத்தின் கோடு தன் வரிக்குள் நிற்கும். கீறல் அடுத்த வரிக்குள்ளும் ஓடும். எழுத்தின் தடிப்பு, அதே கை எழுதிய மற்றக் கால்களின் தடிப்போடு ஒத்திருக்கும். கீறல் ஒரு முனையில் மெலிந்துபோகும். எழுதிய பின் பூசிய மை எழுத்தின் பள்ளத்தில் கறுப்பாகத் தங்கியிருக்கும். பிற்காலக் கீறல் வெளிறித் தெரியும். ஆனால் படம் எடுப்பதற்காக ஏட்டுக்கு மீண்டும் மை பூசியிருந்தால் கீறலும் கறுத்துவிடும். அப்போது மூன்றாவது சோதனை உதவாது. நெடுக்காக ஓடும் நேர்கோடுகள் பெரும்பாலும் ஓலையின் நரம்புகள்; வளைந்து நெளிந்து, தடிப்பு மாறிக்கொண்டே போவது பூச்சி அரித்த வழி.

மை இல்லாத ஏட்டை நேரே வெளிச்சம் விழ எடுத்த படத்தில் எழுத்து அநேகமாகத் தெரியாது. நீங்களே படமெடுப்பதானால் 'ஃபிளாஷை' நிறுத்தி, வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி வைத்து எடுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பித் தெரியும். வெளிச்சத்தை இடப்புறமும் வலப்புறமும் மாற்றி இரண்டு படம் எடுத்தால் ஒன்றில் மறைந்தது மற்றதில் அகப்படும்.

இவ்வளவும் செய்த பின்னரும் துணியமுடியாத எழுத்துகள் எஞ்சும். அவற்றை அடைப்புக்குறிக்குள் இட்டு, பொருந்தக்கூடிய வாசிப்புகள் இரண்டையும் எழுதிவையுங்கள். அதே நூலின் வேறோர் ஏடு கிடைத்தால் ஒப்பிட்டு முடிவுசெய்யலாம். 1887இல் கலித்தொகையை அச்சிற் பதித்த, யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் பல ஏடுகளைத் தேடித் திரிந்தது இதற்காகத்தான். ஊகித்ததை உள்ளதுபோல எழுதிவிட்டால், பின்னர் வாசிப்பவருக்கு எது ஓலையில் இருந்தது, எது நாம் சேர்த்தது என்று தெரியாமற் போய்விடும். மருந்தேட்டில் ஐந்து ஆறாகும். அதை நம்பி மருந்தரைப்பவரும் இருக்கலாம்.