ஒரு முறைக்கு எத்தனை? – சிக்கனத் தொகுதி அளவைக் கணக்கிடும் முறை

ஒரே இயந்திரத்தில் பல பொருள்களை மாற்றி மாற்றி உற்பத்தி செய்யும் சிறு தொழிற்கூடங்கள் அனைத்திற்கும் பொதுவான வினா ஒன்று உண்டு. ஒரு பொருளுக்கென இயந்திரத்தை ஆயத்தம் செய்த பின், அப்பொருளை எவ்வளவு செய்துவிட்டு அடுத்த பொருளுக்கு மாறுவது? அமெரிக்கப் பொறியாளர் போர்டு விட்மன் ஹாரிஸ் 1913 ஆம் ஆண்டிலேயே இவ்வினாவுக்குக் கணித முறையில் விடை தந்தார். அவர் தந்த சூத்திரமே இன்றும் அடக்கவிலைக் கணக்கியல் நூல்களில் சிக்கனத் தொகுதி அளவு என்னும் தலைப்பில் இடம்பெறுகிறது. சூத்திரம் எளிது, அதனுள் இடும் எண்களைத் தேர்வதில்தான் பெரும்பாலோர் இடறுகின்றனர். ஆகவே இக்கட்டுரையில் அந்த எண்களுக்கே மிகுதியான இடம் தருவோம்.

குஜராத் மாநிலத்து வாபி போன்ற ஒரு தொழில் நகரில், பிளாஸ்டிக் பொருள்களை வார்க்கும் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் கூடம் ஒன்று இயங்குவதாகக் கொள்வோம். பெயிண்ட் நிரப்பும் 20 லிட்டர் வாளிக்குரிய மூடி அதன் உற்பத்திகளுள் ஒன்று. அருகிலுள்ள பெயிண்ட் ஆலை ஆண்டின் 300 வேலை நாள்களிலும் நாளொன்றுக்கு 200 மூடிகள் பெற்றுக்கொள்கிறது. அதாவது ஆண்டுத் தேவை 60,000. அதே இயந்திரம் வேறு அச்சுகளைக் கொண்டு வேறு பொருள்களையும் வார்க்கிறது. எண்கள் யாவும் விளக்கத்திற்காக நாம் அமைத்துக்கொண்டவை.

முதலில் ஆயத்தச் செலவைக் காண்போம். மூடிக்கான அச்சை ஏற்ற வேண்டுமானால், இயந்திரத்தை நிறுத்திப் பழைய அச்சை இறக்க வேண்டும். குளிர்நீர்க் குழாய்களை மாற்றி இணைக்க வேண்டும். உருளையினுள் தங்கியுள்ள பழைய நிறம் முற்றிலும் நீங்கும்வரை மூலப்பொருளைச் செலுத்தி வெளியேற்ற வேண்டும். அதன் பிறகும் வெப்பமும் அழுத்தமும் நிலைபெறும்வரை வரும் மூடிகள் கழிவாகும். வெளியேற்றப்படும் 8 கிலோ பிளாஸ்டிக்கின் மதிப்பு கிலோவுக்கு 100 ரூபாய் வீதம் 800 ரூபாய். மறு அரைவைக்குப் பயன்படும் மதிப்பு போகக் கழிவு மூடிகளால் இழப்பு 300 ரூபாய். அச்சு மாற்றுபவருக்குத் தரும் மிகைநேர ஊதியம் 300 ரூபாய். இயந்திரம் நின்ற இரண்டரை மணி நேரத்தில் வேறு பொருள் வார்த்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய வருவாய், மணிக்கு 400 ரூபாய் வீதம் 1,000 ரூபாய். ஆக மொத்தம் 2,400 ரூபாய்.

இறுதியாகச் சொன்ன 1,000 ரூபாயைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். இயந்திரத்திற்கு இடைவெளியின்றி வேலை இருந்தால் மட்டுமே அது செலவு. வாரத்தில் இரண்டு நாள் இயந்திரம் சும்மா நிற்கிறது என்றால், அச்சு மாற்றும் இரண்டரை மணி நேரத்தில் எவ்வருவாயும் இழக்கப்படவில்லை. ஆயத்தச் செலவு 1,400 ரூபாயாகக் குறைந்துவிடும். அவ்வாறே, எத்தனை முறை அச்சு மாற்றினாலும் மாறாத மாதச் சம்பளத்தையும் இயந்திரத் தேய்மானத்தையும் இதில் சேர்க்கலாகாது. ஒரு முறை கூடுதலாக மாற்றினால் கையிலிருந்து எவ்வளவு கூடுதலாகப் போகும் என்பதே சரியான கேள்வி.

அடுத்தது இருப்புச் செலவு, அதாவது ஒரு மூடியை ஓராண்டுக் காலம் கிடங்கில் வைத்திருக்க ஆகும் செலவு. ஒரு மூடியின் அடக்கம் 40 ரூபாய் எனக் கொள்வோம். ரொக்கக் கடன் கணக்கின் வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் எனில், பலரும் 4 ரூபாய் என்று எழுதிவிட்டு அத்துடன் நிறுத்திவிடுகின்றனர். இது போதாது. இருப்பு பெருகுவதால் கூடுதலாக எடுக்கும் கிடங்கின் வாடகை 5 சதவீதம், காப்பீடு 1 சதவீதம், ஏற்றி இறக்குவதில் நேரும் உடைப்பு 2 சதவீதம், பழமைப்பட்டுப் பயனற்றுப்போகும் அபாயம் 2 சதவீதம் எனச் சேர்த்தால் மொத்தம் 20 சதவீதம், அதாவது மூடி ஒன்றுக்கு 8 ரூபாய் ஆகிறது.

வட்டி குறித்தும் ஒரு சொல். இருப்பின் மதிப்பு முழுவதையும் வங்கி கடனாகத் தருவதில்லை. ஒரு பகுதி விளிம்புத் தொகையாக உரிமையாளரின் சொந்தப் பணத்திலிருந்து வருகிறது. அப்பகுதிக்கு வட்டி கட்டுவதில்லையே என்று அதனை விட்டுவிடுவோர் உளர். அப்பணம் மூடிகளாக முடங்கியிராவிட்டால் கடனைக் குறைத்து வட்டியை மிச்சப்படுத்தியிருக்கும். எனவே முழு மதிப்பிற்கும் வட்டி கணக்கிடுவதே முறை.

இனி இவ்விரு செலவுகளும் எவ்வாறு எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன என்று பார்ப்போம். ஆண்டுக்கு 5 தொகுதிகளாக, ஒவ்வொன்றிலும் 12,000 மூடிகள் வார்த்தால், ஆயத்தச் செலவு 12,000 ரூபாயில் முடிந்துவிடும். ஆனால் தொகுதி வந்த அன்று 12,000 ஆக இருக்கும் இருப்பு, அது தீரும் நாளில் சுழியாகிறது. சராசரியாக 6,000 மூடிகள் கிடங்கில் உள்ளன. அவற்றின் இருப்புச் செலவு 48,000 ரூபாய். மொத்தம் 60,000 ரூபாய். மாறாக 20 தொகுதிகளாக, ஒவ்வொன்றிலும் 3,000 வார்த்தால், ஆயத்தச் செலவு 48,000 ரூபாய், இருப்புச் செலவு 12,000 ரூபாய். அதே 60,000 ரூபாய்தான். இவ்விரண்டுக்கும் இடையே எங்கோ ஓரிடத்தில் மொத்தச் செலவு மிகக் குறைவாக இருத்தல் வேண்டும்.

அந்த இடம், இரு செலவுகளும் சமமாகும் இடம். அதைக் காண, ஆண்டுத் தேவையை ஆயத்தச் செலவால் பெருக்கி, அதனை இரட்டித்து, ஒரு மூடிக்கான ஆண்டு இருப்புச் செலவால் வகுத்து, வர்க்கமூலம் காண வேண்டும்.

√(2 × 60,000 × 2,400 ÷ 8) = √3,60,00,000 = 6,000

சிக்கனத் தொகுதி அளவு 6,000 மூடிகள். ஆண்டுத் தேவையை இதனால் வகுத்தால் 10 தொகுதிகள். முப்பது வேலை நாள்களுக்கு ஒருமுறை அச்சு ஏறும். ஆயத்தச் செலவு 24,000 ரூபாய், இருப்புச் செலவு 24,000 ரூபாய், மொத்தம் 48,000 ரூபாய்.

தொகுதிகளின் எண்ணிக்கையை மட்டும் அறிய விரும்புவோர் நேராகவே காணலாம். ஆண்டுத் தேவை முழுவதையும் ஓராண்டு வைத்திருந்தால் ஆகும் செலவை, ஆயத்தச் செலவின் இருமடங்கால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் போதும்: √(4,80,000 ÷ 4,800) = √100 = 10. தொழிற்கூடத்தின் பதிவேட்டில் சென்ற ஆண்டு எத்தனை முறை அச்சு ஏறியது என்று எண்ணி, இந்த எண்ணுடன் ஒப்பிட்டால் நிலைமை உடனே விளங்கும்.

இச்சூத்திரத்தின் ஒரு நற்பண்பு, அது சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்கிறது. மேலே கண்டவாறு, அளவு இருமடங்கானாலும் பாதியானாலும் செலவு நான்கில் ஒரு பங்கே கூடுகிறது. மாதம் ஒரு தொகுதி என்பது நிர்வாகத்திற்கு வசதி எனில், 5,000 வீதம் 12 தொகுதிகள் வார்க்கலாம். ஆயத்தச் செலவு 28,800, இருப்புச் செலவு 20,000, மொத்தம் 48,800 ரூபாய். ஆண்டு முழுவதற்கும் 800 ரூபாய்தான் மிகுதி. எனவே 6,000 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை. வட்டியை மட்டும் கருதி 4 ரூபாய் என்று இட்டவருக்கு 8,485 என்று விடை வரும். அவரது உண்மைச் செலவு ஏறத்தாழ 50,900 ரூபாய். இழப்பு பெரிதன்று. ஆயினும் சராசரி இருப்பு 3,000 மூடிகளிலிருந்து 4,240க்கு மேல் போய்விடுகிறது; ஏறக்குறைய 50,000 ரூபாய் நடைமுறை மூலதனம் கூடுதலாக முடங்குகிறது. பத்துப் பொருள்களில் இவ்வாறு நேர்ந்தால் அது 5 லட்சம். இலாப நட்டக் கணக்கில் தென்படாத இந்த முடக்கம், ரொக்கக் கடன் வரம்பு எப்போதும் விளிம்பிலேயே நிற்பதில் தென்படும்.

ஹாரிஸின் சூத்திரம், தொகுதி முழுவதும் ஒரே நாளில் கிடங்குக்கு வந்துவிடுவதாகக் கொள்கிறது. நம் இயந்திரமோ ஒரு நாளில் 1,000 மூடிகளே வார்க்கிறது. அன்றே 200 மூடிகள் ஆலைக்குச் சென்றுவிடுகின்றன. ஆகவே நாளொன்றுக்கு 800 மட்டுமே இருப்பில் சேரும். ஒவ்வொரு தொகுதியிலும் ஐந்தில் ஒரு பங்கு கிடங்கில் தங்குவதே இல்லை. இதனைக் கருதி, இருப்புச் செலவாகிய 8 ரூபாயை 0.8 ஆல் பெருக்கி 6.40 எனச் சூத்திரத்தில் இட வேண்டும். விடை 6,708, ஆண்டுக்கு ஏறத்தாழ 9 தொகுதிகள், மொத்தச் செலவு சுமார் 42,930 ரூபாய். உற்பத்தி வேகம் அன்றாடத் தேவையைப் போல் பன்மடங்காக இருக்குமாயின் இத்திருத்தத்தை விட்டுவிடலாம். இரண்டும் நெருங்கி வரும்போதுதான் தொகுதி அளவு வெகுவாக உயரும்.

சூத்திரம் ஆயத்தச் செலவை மாறாத ஒன்றாகவே கொள்கிறது. ஆனால் அது மாறக்கூடியது. ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ, அச்சு மாற்றும் வேலைகளை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: இயந்திரம் நின்றால்தான் செய்ய முடிந்தவை, ஓடும்போதே செய்துகொள்ளக்கூடியவை. அடுத்த அச்சை முன்கூட்டியே இயந்திரத்தருகே கொணர்ந்து வைத்தல், திருகுச் சாவிகளையும் குழாய் இணைப்புகளையும் எடுத்து வைத்தல், அச்சை முன்பே சூடாக்குதல் ஆகியவை இரண்டாம் வகை. வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்திற்கு என்று வரிசைப்படுத்தினால் வெளியேற்றும் பிளாஸ்டிக்கும் குறையும். இவற்றால் 2,400 ரூபாய் 600 ஆகக் குறைந்தால், முதற்சூத்திரப்படி தொகுதி 3,000, எண்ணிக்கை 20, மொத்தச் செலவு 24,000 ரூபாய். செலவு நான்கில் ஒன்றாகக் குறைந்தால் தொகுதியும் மொத்தச் செலவும் பாதியாகின்றன. சராசரி இருப்பின் மதிப்பு 1,20,000 ரூபாயிலிருந்து 60,000 ஆகிறது.

இவ்வளவும் ஆண்டு முழுவதும் தேவை சீராக இருக்கும் என்ற எடுகோளின்மேல் நிற்பவை. பெயிண்ட் விற்பனை மழைக்காலத்தில் தளர்ந்து பண்டிகைக் காலத்தில் ஏறக்கூடியது. அத்தகைய பொருளுக்கு ஆண்டுத் தேவையை ஒரே எண்ணாகக் கொள்ளாமல், தளர்ந்த மாதங்களுக்கும் மும்முர மாதங்களுக்கும் தனித்தனியே ஆண்டு வீதம் கணித்துக்கொள்வது நலம். தேவை நான்கு மடங்கானால் தொகுதி இரண்டு மடங்குதான் ஆகும் என்பதை மறவாதிருந்தால் மும்முர மாதங்களில் அளவுக்கு மீறி வார்க்கும் ஆசை அடங்கும்.

பழமைப்படும் அபாயத்திற்கென நாம் இட்ட 2 சதவீதம் ஒரு சராசரி மட்டுமே. அது சிறிது சிறிதாக வருவதில்லை, ஒரே நாளில் வரும். மூடியில் பதித்த சின்னத்தை ஆலை மாற்றிவிட்டதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 5 தொகுதிகள் வார்க்கும் கூடத்தில் அன்று தொகுதி அப்போதுதான் முடிந்திருந்தால், 9,600 மூடிகள், அதாவது 3,84,000 ரூபாய்ச் சரக்கு, அரைவை இயந்திரத்திற்கே உரியதாகிவிடும். மாதந்தோறும் வங்கிக்குத் தரும் இருப்பு அறிக்கையில் அச்சரக்கை நல்ல சரக்காகக் காட்டவும் இயலாது. பணமெடுக்கும் வரம்பு அந்த அளவுக்குச் சுருங்கும். ஆண்டுக்கு 10 தொகுதி வார்ப்பவரிடம் அதே நாளில் மிகுதியாக 4,800 மூடிகளே இருந்திருக்கும். எனவே வடிவமோ நிறமோ அடிக்கடி மாறும் பொருளுக்குச் சூத்திரம் தரும் எண்ணை மேல் எல்லையாகக் கொண்டு, அடுத்த மாற்றம் எப்போது என்று வாங்குபவரிடம் கேட்டறிந்த பின்னரே அச்சை ஏற்றுவது வழக்கமாக இருக்கட்டும்.