திரையில் முதல் சந்திப்பு

கேள்வி: எனக்கு 27 வயது. ஈரோட்டில் வங்கி வேலை. ஜாதகம் பொருந்தி, இரு வீட்டாரும் பேசிவிட்டார்கள். மாப்பிள்ளை சிங்கப்பூரில் இருக்கிறார். “ஞாயிறு சாயங்காலம் ஆளுக்கொரு காபியோடு வீடியோ காலில் பேசலாமா?” என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் எங்கே உட்காருவது, என்ன பேசுவது, எப்படி முடிப்பது என்று குழப்பமாக இருக்கிறது. அம்மா வேறு பக்கத்தில் உட்காருவேன் என்கிறார்.
— வாசகி, ஈரோடு

பதில்: இந்தப் பேச்சில் கல்யாணத்தை முடிவு செய்ய வேண்டியதில்லை. இன்னொரு முறை பேசலாமா என்பது தெரிந்தால் போதும். அதனால் அரை மணி நேரம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இங்கே 4 மணி என்றால் அங்கே ஆறரை. இருவருக்குமே காபி இறங்கும் நேரம்தான்.

ஜன்னல் உங்கள் முகத்துக்கு எதிரே இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் கேமரா அந்த வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். உங்கள் முகம் கறுத்துப்போகும். மேற்குப் பார்த்த ஜன்னல் என்றால் 4 மணி வெயில் கண்ணைக் கூசவைக்கும், மெல்லிய திரைச்சீலையை இழுத்துவிடுங்கள்.

லேப்டாப்பை மேசையில் அப்படியே வைத்தால் கேமரா கீழிருந்து மேலே பார்க்கும். தாடையும் மூக்குத் துவாரமும் பெரிதாகத் தெரியும். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றும். கேமரா கண் மட்டத்துக்கு வரும்வரை அடியில் நான்கைந்து தடித்த புத்தகங்களை அடுக்குங்கள். அவர் முகம் தெரியும் கட்டத்தைச் சிறிதாக்கி, கேமராவுக்கு நேர் கீழே நகர்த்திக்கொண்டால், நீங்கள் அவரைப் பார்க்கும்போது அவருக்கும் நீங்கள் தன்னைப் பார்ப்பதாகவே தெரியும். உங்கள் முகம் தெரியும் கட்டத்தை மறைத்துவிடுங்கள். இல்லையென்றால் பாதி நேரம் உங்கள் தலைமுடியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

பின்னணிக்கு வெறும் சுவரோ புத்தக அலமாரியோ போதும். பின்னணியை மங்கலாக்கும் வசதியைத் தவிர்த்துவிடுங்கள். காபி டம்ளரைத் தூக்கும்போது அதையும் பின்னணி என்று நினைத்து அழித்துவிடும்; நீங்கள் காற்றைக் குடிப்பதுபோல இருக்கும். துணி காயும் கொடி, திறந்த பீரோ, ஆள் நடமாடும் வாசற்படி மூன்றும் படத்துக்குள் வரக் கூடாது.

அம்மா முதல் இரண்டு நிமிடம் வந்து “நல்லா இருக்கீங்களா தம்பி?” என்று கேட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போகட்டும். கேமராவுக்கு வெளியே ஒருவர் உட்கார்ந்திருந்தால் உங்கள் கண் அடிக்கடி அந்தப் பக்கம் போகும். எதிரில் இருப்பவருக்கு அது உடனே புரிந்துவிடும்.

“கேக்குதா? தெரியுதா?” என்று தொடங்கினால் ஆரம்பமே பதற்றமாகிவிடும். அதை முந்தின நாளே தோழியோடு சோதித்துவிடுங்கள். இயர்போன் போட்டுக்கொண்டால் எதிரொலி வராது. அவர் பேசி முடித்ததும் ஒரு நொடி பொறுத்துப் பேசுங்கள். இணையத்தில் குரல் சற்றுத் தாமதமாகத்தான் போய்ச் சேரும். அவசரப்பட்டால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவீர்கள்.

கையில் காபி இருப்பதால் பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்: “உங்களுதும் ஃபில்டர் காபியா, கடையில வாங்கினதா?” பயோடேட்டாவில் இருக்கும் படிப்பையும் சம்பளத்தையும் மறுபடி கேட்காதீர்கள். அதிலிருந்து ஒரு நூலைப் பிடித்து இழுங்கள். அவர் சிங்கப்பூர் போனது 2021 என்று இருந்தால், “கொரோனா நேரத்துல புது ஊருக்குப் போனப்ப முதல் மாசம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்கலாம். பதிலில் ஒரு கதை வரும். அதிலிருந்து அடுத்த கேள்வி தானாகப் பிறக்கும். நீங்கள் கேட்டதற்கெல்லாம் அவர் பதில் சொல்லிவிட்டு, பத்து நிமிடமாகியும் உங்களைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை என்றால் அதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

இருபத்தைந்தாவது நிமிடத்தில் நீங்களே சொல்லுங்கள்: “இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. கேக்கணும்னு நினைச்சது ஏதாவது விட்டுப்போச்சா?” முடியப்போகிறது என்று தெரிந்தால் இருவருக்கும் தடுமாற்றம் இருக்காது. பிடித்திருந்தால், “அடுத்த ஞாயிறும் பேசலாமா?” போதும். தயக்கம் இருந்தால், “பேசினது சந்தோஷம். வீட்ல கலந்துட்டு புதன்கிழமைக்குள்ள சொல்றேன்” என்று சொல்லி, அந்தப் புதனுக்குள் எந்தப் பதிலானாலும் சொல்லிவிடுங்கள். பேச்சு நன்றாகப் போனாலும் அரை மணியை இரண்டு மணி ஆக்காதீர்கள். அடுத்த முறைக்கு விஷயம் மிச்சமிருப்பது நல்லது.

கடைசியாக ஒன்று. கால் உண்மையிலேயே துண்டாகிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் “என்னடி, எப்படி?” என்ற அம்மாவின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.