சரக்குக் கைவசம் இல்லாதபோது

ஆனி, ஆடி மாதங்களில் சாரலை நாடிக் குற்றாலம் வருவோர், தென்காசியிலும் கைத்தொழில் பொருள்களை வாங்கிச் செல்கின்றனர். ஆவணியில் திருமணம் வைத்திருப்போர், மணமக்களின் பெயர் நெய்த பத்தமடைப் பாய் கேட்பதுண்டு. கடையில் தொங்குவதோ மாதிரிப் பாய் ஒன்றே. அச்சமயம் விற்பனையாளர் "விரைவில் தருகிறோம்" என்று முன்பணம் பெறுவாராயின், தொல்லை அங்கேயே தொடங்கிவிடுகிறது. விரைவு என்பதை வாங்குபவர் பத்து நாள் என்று கொள்வார். நெசவாளர் இரண்டு மாதம் என்று கொள்வார்.

ஆகவே பணம் பெறுமுன் நாள் கணக்கிடுதல் வேண்டும். ஓர் உதாரணம் காண்போம். ஒரு மகளிர் குழுவுக்கு இரண்டு தறிகள் உள்ளன. ஒரு பாய்க்கு 20 நாள் ஆகிறது. ஏற்கெனவே நான்கு பாய்களுக்கு ஆர்டர் உள்ளது. அவை முடிய 40 நாள். புதிய பாய்க்கு மேலும் 20 நாள். ஆக 60 நாள். கோரையை நீரில் ஊறவைத்து, வகிர்ந்து, உலர்த்த வேண்டியிருப்பதால் மழை குறுக்கிடக்கூடும். அதற்கென 10 நாள் சேர்த்து, 70 நாள் என்றே சொல்லுதல் தகும். 60 என்று சொல்லி 65-இல் கொடுத்தால் அது தாமதம். 70 என்று சொல்லி 65-இல் கொடுத்தால் மகிழ்ச்சி.

திருமணம் 45-ஆம் நாளில் என்றால், அந்த ஆர்டரை ஏற்கலாகாது. "பெயர் நெய்த பாய் அந்நாளுக்குள் முடியாது, பெயரில்லாத பாய் கைவசம் உள்ளது, விலை இவ்வளவு" என்று கூறிவிடலாம். முன்னர்ப் பதிந்தவரின் பாயை எடுத்து இவருக்குக் கொடுப்பது கூடாது. ஒருவரைத் திருப்தி செய்ய மற்றொருவரை இழப்பதாகும் அது.

ஏற்ற ஆர்டரும் சில வேளை பிந்தும். தொடர்மழையால் கோரை உலரவில்லை என்று தெரிந்த அன்றே எழுதவேண்டும். தவணை நாள் வரும்வரை காத்திருத்தல் தவறு. கடிதம் இவ்வாறு அமையலாம்:

"தங்கள் பாய் மழையின் காரணமாக 12 நாள் பிந்தும். ஆவணி 30-இல் அனுப்புவோம். காத்திருக்கச் சம்மதமா? வேறு பாய் வேண்டுமா? அல்லது முன்பணம் முழுவதும் திருப்பித் தரலாமா? தங்கள் விருப்பத்தைத் தெரிவிக்கக் கோருகிறோம்."

காரணம் ஒரு வரி, புதிய நாள் ஒன்று, முடிவு வாங்குபவருடையது. அவர் பதிலளிக்குமுன் வேறு நிறப் பாயை நாமாக அனுப்பிவிடுதல் வழக்கிற்கே இடம் தரும்.

இவை சரிவர நடக்க, இருப்புப் பேரேட்டில் மூன்று பத்திகள் போதும்: கையிருப்பு, பதிவானது, விற்கக்கூடியது. கையிருப்பு 10, பதிவானது 7 எனில், புதிதாக வருபவருக்கு உரியவை 3 மட்டுமே. பத்தும் உள்ளனவே என்று ஐந்தை விற்றால், இரண்டு பேருக்குச் சொன்ன சொல் பொய்த்துவிடும்.

"என் பாய் என்னவாயிற்று?" என்று வாங்கியவரே கேட்டு எழுதும் கடிதங்களைக் குழுவினர் மாதந்தோறும் எண்ணிப் பார்க்கட்டும். அவ்வாறு வரும் ஒவ்வொரு கடிதமும், நாம் முந்தி எழுதியிருக்க வேண்டிய ஒரு கடிதத்தைக் குறிக்கும்.